வெட்டிய ஓரத்தை ரசிப்பது எப்படி: QGIS-இல் காவிரியும் மாநில எல்லையும்

காவிரியின் நீளம் 800 கி.மீ. இந்தக் கணக்கை மூன்றாகப் பிரித்துச் சொல்வது வழக்கம்: கர்நாடகத்துக்குள் 320, தமிழ்நாட்டுக்குள் 416, இரண்டு மாநிலங்களுக்கும் பொது எல்லையாக ஓடுவது 64. ஒகேனக்கல் அருவி இருப்பது இந்த 64-க்குள்தான். QGIS-இல் காவிரியைத் தமிழ்நாட்டு எல்லையை வைத்து கிளிப் செய்தால் இந்த மூன்றாவது கணக்குக்கு இடமே இருக்காது. ஒவ்வொரு துண்டும் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று மட்டும்தான் கிளிப் பார்க்கும். ஆறே எல்லையாக இருக்கும் இடத்தில் அது என்ன செய்கிறது என்பதை நிதானமாகப் பார்த்துவிட்டால், வேறெந்த வரைபடத்தில் வெட்டிய ஓரத்தைக் கண்டாலும் கண் தானாக அங்கே போய் நிற்கும்.

வெட்டுவது சுலபமான வேலை. Vector மெனுவில் Geoprocessing Tools, அதில் Clip. Input layer என்ற இடத்தில் ஆறுகளின் லேயரையும், Overlay layer என்ற இடத்தில் தமிழ்நாட்டுப் பாலிகனையும் கொடுத்து Run அழுத்தினால் சில நொடிகளில் Clipped என்ற புது லேயர் வந்துவிடும். பழைய லேயருக்கு ஒன்றும் ஆகாது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் பழைய லேயரை நீக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். நீக்க வேண்டாம். அதை வெளிர் சாம்பல் நிறத்தில் அடியில் வைத்து, வெட்டியதை அடர் நீலத்தில் மேலே போடுங்கள். எல்லைப் பாலிகனின் உள்நிறத்தை எடுத்துவிட்டு மெல்லிய சிவப்புக் கோடாக மட்டும் விடுங்கள். பிறகு நீலக் கோட்டின் ஸ்டைலில் Marker Line ஒன்றைச் சேர்த்து, முதல் வெர்டெக்ஸிலும் கடைசி வெர்டெக்ஸிலும் சிறிய வட்டம் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அந்த வட்டங்கள் காட்டிக்கொடுக்கும்.

முதலில் ஒரு சுத்தமான வெட்டைப் பார்த்துக்கொள்வோம். தென்பெண்ணை கர்நாடகத்திலிருந்து ஓசூர்ப் பக்கமாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அந்த இடத்தில் ஆறு எல்லையைக் குறுக்கே கடக்கிறது. சாம்பல் கோடு சிவப்புக் கோட்டைத் தொடும் புள்ளியிலேயே நீலம் தொடங்கும். அங்கே ஒரு வட்டம் இருக்கும். அந்தப் புள்ளி மூல லேயரில் வெர்டெக்ஸாக இருந்ததில்லை. இரண்டு வெர்டெக்ஸுகளுக்கு நடுவே எல்லை வெட்டும் இடத்தைக் கணக்கிட்டு, கிளிப் புதிதாகப் போட்ட வெர்டெக்ஸ் அது. ஆற்றில் அந்த இடத்தில் மதகோ அணையோ வேறு எதுவுமோ இருக்க வேண்டும் என்று இல்லை.

அப்படியே ஆட்ரிபியூட் டேபிளைத் திறந்து பாருங்கள். மூல லேயரில் நீளத்தை ஒரு நெடுவரிசையில் எழுதி வைத்திருந்தால், வெட்டிய பிறகும் அதே எண் அப்படியே நிற்கும். கிளிப் வடிவத்தை மட்டுமே வெட்டும், எழுதி வைத்த எண்களில் கை வைக்காது. தமிழ்நாட்டுக் காவிரிக்கு நேராக 800 என்று இருந்தால் அது முழு ஆற்றின் எண். Field Calculator-ஐத் திறந்து புது நெடுவரிசையில் இதைப் போட்டால்தான் வெட்டிய துண்டின் நீளம் கி.மீ.யில் கிடைக்கும்:

```
$length / 1000
```

ப்ராஜெக்ட்டில் நீள அலகு மீட்டர் என்றும், எலிப்சாய்ட் WGS 84 என்றும் அமைந்திருக்க வேண்டும். `length($geometry)` என்று எழுதினால் லேயரின் சொந்த அலகில் விடை வரும்; லேயர் EPSG:4326-இல் இருந்தால் அது டிகிரி. ஒரு ஆற்றின் நீளம் ஏழெட்டு என்று வந்தால் காரணம் இதுதான்.

இனி தெற்கே, ஒகேனக்கல் பக்கம் போவோம். சுத்தமான வெட்டில் ஒரே ஒரு வட்டம்தான் இருந்தது. இங்கே வட்டங்கள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். நீலக் கோடு கொஞ்ச தூரம் போய் அறுந்து, சாம்பல் மட்டும் தெரிந்து, மறுபடி நீலம் தொடங்கும். ஆறு அங்கே உண்மையில் மாநிலம் மாறி மாறி ஓடவில்லை. ஆற்றின் நடுக்கோட்டை ஒருவர் ஒரு மூலத்திலிருந்து வரைந்திருக்கிறார். மாநில எல்லையை இன்னொருவர் வேறொரு மூலத்திலிருந்து வரைந்திருக்கிறார். இரண்டும் ஒரே ஆற்றைத்தான் பின்தொடர்கின்றன, ஆனால் ஒன்றின் மேல் ஒன்று படிவதில்லை. ஒரு வளைவில் ஆற்றுக் கோடு கிழக்கே தள்ளியிருக்கிறது, அடுத்த வளைவில் மேற்கே.

இந்த விலகல் எவ்வளவு இருக்கலாம் என்பதை அளவுத்திட்டமே சொல்லிவிடும். காகித வரைபடத்தில் கோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கக்கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:50,000 வரைபடத்தில் அது தரையில் 25 மீட்டர். 1:2,50,000-இல் 125 மீட்டர். நேச்சுரல் எர்த் தரும் 1:1,00,00,000 லேயரில் அதே அரை மில்லிமீட்டர் 5 கி.மீ. ஆகிவிடுகிறது. திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்க முடிவதால் கோடு துல்லியமாகத் தெரிகிறது; ஆனால் அது எந்த அளவில் வரையப்பட்டதோ, அதற்குமேல் அதில் விவரம் இல்லை.

இத்தனை துண்டுகள் இருந்தாலும் டேபிளில் காவிரிக்கு ஒரே வரிதான் இருக்கும். துண்டுகளைச் சேர்த்து மல்டிபார்ட்டாக ஒரே வரியில் கிளிப் வைத்திருக்கிறது. எத்தனை துண்டு என்று தெரிந்துகொள்ள:

```
num_geometries($geometry)
```

Multipart to Singleparts கருவியில் கொடுத்தால் ஒவ்வொரு துண்டும் தனி வரியாகப் பிரியும். நீளத்தின்படி வரிசைப்படுத்துங்கள். மேட்டூரிலிருந்து கீழே போகும் பெரிய துண்டு ஒரு கோடியில் நிற்கும். மறுகோடியில் சில நூறு மீட்டர், சில பத்து மீட்டர் அளவில் பொடித் துண்டுகள். இந்தப் பொடிகளைப் பார்த்ததும் அழிக்கத் தோன்றும். ஆனால் அவை ஒவ்வொன்றும் உண்மையான ஆற்றின் பகுதி. அவற்றை அழித்தால் எல்லைக் காவிரியின் ஒரு பகுதி கணக்கிலிருந்து போய்விடும். வைத்திருந்தால் தற்செயலாக உள்ளே விழுந்த பகுதி கணக்கில் ஏறும். இரண்டுமே சரியில்லை.

ஆற்றையும் எல்லையையும் ஒரே கோடாக, வெர்டெக்ஸுக்கு வெர்டெக்ஸ் பொருந்தும்படி வரைந்திருந்தால் இந்தத் தொல்லை இருக்காதே என்று தோன்றலாம். அப்போது வேறொன்று நடக்கும். பாலிகனின் எல்லைக்கோடும் பாலிகனைச் சேர்ந்ததுதான் என்று கிளிப் எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டை வைத்து வெட்டினால் 416-உடன் 64-ம் சேர்ந்து 480 வரும். கர்நாடகத்தை வைத்து வெட்டினால் 320-உடன் அதே 64 சேர்ந்து 384. இரண்டையும் கூட்டினால் 864. காவிரி 64 கி.மீ. வளர்ந்துவிட்டது. இரண்டு லேயர்களும் வேறு வேறு ஆயத்தொலைவு முறையில் இருந்தால் QGIS எல்லையை ஆற்று லேயரின் முறைக்குத் தானாகவே மாற்றிக்கொண்டு வெட்டும். அந்த மாற்றத்தில் தசம எண்கள் கடைசி இலக்கங்களில் கொஞ்சம் பிசகும். ஒன்றாகப் படிந்திருந்த கோடுகள் பிரிந்து, கண்ணுக்கே தெரியாத பின்னலாக அறுபடும். கூட்டுத்தொகை வெட்டாத ஆற்றின் நீளத்தைத் தாண்டினால் கோடுகள் படிந்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். இரண்டு மாநிலப் பாலிகன்களுக்கு நடுவே இடைவெளி இருந்து, ஆறு அதில் விழுந்துவிட்டால் தொகை குறையும்.

எனக்குப் பிடித்த தீர்வு, அந்தப் பழைய கணக்கு செய்ததையே QGIS-இலும் செய்வது: எல்லைக்கு என்று தனிப் பங்கு ஒதுக்குவது. ஆறு 1:50,000-இலும் எல்லை 1:2,50,000-இலும் வரையப்பட்டவை என்று வைத்துக்கொள்வோம். விலகல் 25-ம் 125-ம் சேர்ந்து 150 மீட்டர். நடுக்கோடு ஆற்றின் அகலத்துக்குள் எங்கும் இருக்கலாம் என்பதால் பாதி அகலத்துக்கு 100 மீட்டர் சேர்ப்போம். மொத்தம் 250. தமிழ்நாட்டுப் பாலிகனை Polygons to Lines கொண்டு கோடாக்கி, Reproject Layer மூலம் EPSG:32643-க்கு மாற்றி, Buffer-இல் 250 மீட்டர் கொடுங்கள். 4326-இலேயே விட்டால் 250 என்பதை டிகிரியாக எடுத்துக்கொள்ளும். ஒகேனக்கல் 78 டிகிரி தீர்க்கரேகைக்குச் சற்று மேற்கே இருப்பதால், இந்தப் பகுதிக்கு 43-வது மண்டலமான 32643 பொருந்துகிறது.

எல்லையின் இருபக்கமும் சேர்த்து அரை கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை கிடைக்கும். ஆற்றை அந்தப் பட்டையால் கிளிப் செய்தால் வருவது எல்லைக் காவிரி. Difference கருவியால் அதே பட்டையை ஆற்றிலிருந்து கழித்தால் மிஞ்சுவது உள்பகுதிகள். அதைத் தமிழ்நாட்டால் கிளிப் செய்தால் தமிழ்நாட்டுப் பங்கு, மீதி கர்நாடகத்துடையது. இந்தக் கடைசி கிளிப்பில் எல்லைக்கு அருகே கோடே இல்லாததால் பின்னல் வர வழியில்லை. மூன்று பங்கையும் கூட்டினால் வெட்டாத ஆற்றின் நீளம் வர வேண்டும். அது 800-ஆக இருக்காது. வளைவுகளை எளிதாக்கி வரைந்த கோடு எப்போதும் குட்டையாகத்தான் வரும்.

பட்டைக்குள் விழுந்தவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லையைக் குறுக்கே கடக்கும் தென்பெண்ணை போன்ற ஆறுகளில் ஏறக்குறைய 500 மீட்டர் துண்டு ஒன்று சிக்கியிருக்கும். கடற்கரையும் மாநில எல்லைதான் என்பதால் பூம்புகாரில் காவிரியின் கடைசி 250 மீட்டரும் வந்திருக்கும். இவை தமிழ்நாட்டுப் பங்குக்கோ கர்நாடகப் பங்குக்கோ போக வேண்டியவை. பல கிலோமீட்டர் நீளத்துக்கு எல்லையோடு ஒட்டி ஓடுவதுதான் உண்மையான எல்லை ஆறு. நீளத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

நீளக் கணக்குக்கு இது போதும். ஊர்களிலிருந்து ஆற்றுக்கு உள்ள தூரத்தை அளக்கப்போகிறீர்கள் என்றால் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். வெட்டிய ஆற்றை வைத்து Join attributes by nearest ஓட்டினால், ஒகேனக்கல் ஊருக்கு எதிரே உள்ள ஆற்றுத் துண்டு கர்நாடகப் பக்கம் விழுந்து காணாமல் போயிருக்கலாம். கரையிலேயே இருக்கும் ஊருக்கு, அடுத்த நீலத் துண்டு வரை உள்ள தூரம் distance நெடுவரிசையில் ஏறிவிடும். டேபிளில் அது எந்தப் பிழைச் செய்தியும் இல்லாத சாதாரண எண்ணாகவே இருக்கும். அதனால் இந்த வேலைக்கு ஆற்றை மாநில எல்லையோடு வெட்டக் கூடாது. எல்லையை வெளிப்பக்கமாக 20 கி.மீ. விரித்து, அதைக் கொண்டு ஆற்றை வெட்டி, தூரத்தை அளந்த பிறகு, ஊர்களை மட்டும் மாநில எல்லைக்குள் நிறுத்துங்கள். ஒரு ஊரின் தூரம் 20 கி.மீ.க்குள் வந்திருந்தால் அந்த எண்ணை நம்பலாம். அதைவிட அருகில் வெளியே வேறு ஆறு இருந்திருந்தால், அது விரித்த எல்லைக்குள் சிக்கியிருக்கும். ஏதாவது ஒரு ஊருக்கு 20-க்கு மேல் வந்தால், விரிப்பை அதிகமாக்கி மறுபடி ஓட்ட வேண்டும்.