மூடுபனியும் கைரோட்டோவும்

பச்சைத் திரை தேயிலை மலைக்கு ஒத்துவராது. சரிவில் அதை நிறுத்துவது கடினம். நிறுத்தினாலும், திரையின் பச்சையை நீக்கும்போது கொழுந்தின் பச்சையும் சேர்ந்து போய்விடும். அதனால் டயகமவில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணுக்குப் பின்னால் படத்தின் பெயரையோ பழைய புகைப்படத்தையோ நகரவிட விரும்புகிறவர், அந்தப் பெண்ணின் உருவத்தின் ஓரத்தைக் கையால் வரைந்து வெட்ட வேண்டியிருக்கிறது. மாக்ஸ் ஃபிளைஷர் 1917இல் காப்புரிமை பெற்ற ரோட்டோஸ்கோப்பின் வழிவந்த இந்த வேலைதான் கைரோட்டோ. அவர் நடிகரின் அசைவின் மேல் கார்ட்டூன் வரைந்தார். இங்கே அந்தக் கோடு வெட்டுக்கோடாகிறது.

நாலு செக்கன் காட்சி என்றால், செக்கனுக்கு 25 வீதம் 100 பிரேம். புதிதாகச் செய்கிறவர்கள் முழு உடலையும் ஒரே கோட்டால் சுற்றிவிட்டு, பிரேமுக்குப் பிரேம் திருத்துவார்கள். இதில் ஒவ்வொரு பிரேமிலும் கை வேறுவிதமாகப் பிசகுவதால், ஓட்டிப் பார்த்தால் ஓரம் கொதிக்கும். தலை, உடல், மேற்கை, முன்கை, விரல்கள், கூடை என்று ஒன்றன்மேல் ஒன்று படியும் தனித்தனி வடிவங்களாகப் பிரிப்பதே சரி. கை கொழுந்தைப் பற்றும் பிரேம், தோளுக்கு மேலே உயரும் பிரேம், கூடைக்குள் விடும் பிரேம் என அசைவு திசை மாறும் இடங்களில் முதலில் கீஃப்ரேம் வைக்க வேண்டும். பிறகு இரண்டுக்கும் நடுவில், தேவைப்பட்டால் அதற்கும் நடுவில். பின்னணியில் வெறும் சிவப்பு நிறத்தை வைத்து முழு வேகத்தில் ஓட்டினால் பிசகுகள் தெரிந்துவிடும்.

இந்த இடம் பல வகையில் வேலையை எளிதாக்குகிறது. தலைத்துணி முடியை மறைக்கிறது, தேயிலைச் செடி காலை மறைக்கிறது. இடுப்புப் படங்கு இலைகளோடு உரசும் இடத்தில் ஒவ்வோர் இலையாக வெட்டத் தேவையில்லை. பின்னால் வருவது செடியின் மட்டத்துக்கு மேலேயே நின்றால் போதும். விரல்களில்தான் கவனம் வேண்டும். 1/50 ஷட்டரில் வேகமாக அசையும் விரல் பாதி ஒளிபுகும் கறையாகப் பதிவாகும். அங்கே மாஸ்க்கின் மோஷன் பிளரைப் போடாவிட்டால் விரல் கத்தரித்த காகிதம்போலத் தெரியும்.

கைரோட்டோ தோற்பது மூடுபனியில். கோட்டுக்கு உள், வெளி என்ற இரண்டுதான் தெரியும். பனியோ உடல் முழுவதன்மேலும் படிந்திருக்கிறது. அதே வெண்ணிறப் பின்னணியில் அது உறுத்தாது. அந்தப் பெண்ணை இருண்ட லயத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தால், ஓரத்தில் வெள்ளைக் கோடும் உடலில் வெளிறலும் நிற்கும். மாஸ்க்கை இரண்டு பிக்சல் உள்ளே இழுத்தால் வெள்ளைக்கோடு போகும், விரலும் மெலியும். வெளிறல் அப்படியே இருக்கும்.

ஆகவே, அதே மலையில், அதே வெளிச்சத்தில் அடுக்குகளைச் செருக கைரோட்டோ முழுத் தகுதி உடையது. பனிக்குள் எடுத்த உருவத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோக அது தகாது. பனி விலகியபின் மறுபடி எடுப்பதே வழி. பின்னால் என்ன வரப்போகிறது என்பதைக் கமராவை மலைக்கு எடுத்துச் செல்லுமுன்பே முடிவுசெய்யுங்கள்.