ஒரு கிராம் என்னும் ஊகம்

சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது என்ற கேள்விக்கு மூன்று சோதனைகள் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. நிறம் மாறும் ஸ்ட்ரிப் 'ரெண்டு பிளஸ்' என்கிறது. ஒரு முறை பிடித்த சிறுநீரின் புரதத்தை அதே சிறுநீரின் கிரியேட்டினினால் வகுத்தால் 2.0 என்று வருகிறது. ஒரு நாள் முழுவதும் கேனில் சேர்த்துக் கொடுத்தால் 1.2 கிராம் என்று வருகிறது. மூன்றும் ஒரே ஆளுடைய, ஒரே வாரத்துச் சிறுநீராக இருக்கலாம். மூன்றும் தத்தம் அளவில் சரியாகவும் இருக்கலாம். விகிதத்தில் வந்த 2.0 என்ற எண்ணை '2 கிராம்' என்று படிக்கும்போதுதான் தவறு நுழைகிறது. அப்படிப் படிக்கும் பழக்கம் மருத்துவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. அது எப்போது நோயாளியைக் கெடுக்கும் என்பதைக் கணக்கோடு பார்ப்பது நல்லது.

அறுபது வயது, 44 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோய் உண்டு, கால் வீக்கம் தொடங்கியிருக்கிறது. காலையில் முதலில் கழித்த சிறுநீரில் ஸ்ட்ரிப் ரெண்டு பிளஸ் காட்டுகிறது. மதியம் நிறைய மோரும் தண்ணீரும் குடித்தபின் பார்த்தால் அதே ஸ்ட்ரிப் டிரேஸுக்கும் ஒரு பிளஸ்ஸுக்கும் நடுவில் நிற்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் இடையில் சிறுநீரகம் குணமாகிவிடவில்லை. ஸ்ட்ரிப்பில் உள்ள சாயம் அளப்பது செறிவை மட்டுமே: ஒரு பிளஸ் என்றால் டெசிலிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம், ரெண்டு பிளஸ் சுமார் 100, மூன்று பிளஸ் சுமார் 300. தண்ணீர் கூடினால் செறிவு குறையும். வெயிலில் நின்று வேலை செய்தவருக்குக் குடித்த தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போனால், நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கும் பிளஸ் வரும். எனவே ஸ்ட்ரிப் 'இல்லை' என்று சொன்னாலும் 'இருக்கிறது' என்று சொன்னாலும், சிறுநீர் எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்று தெரியாமல் அந்தச் சொல்லுக்கு எடை போட முடியாது.

அதே பெண்மணியின் அந்த இரண்டு சிறுநீரையும் லேப் முழுமையாகப் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். காலையில் டெசிலிட்டருக்குப் புரதம் 96 மில்லிகிராம், கிரியேட்டினின் 48. மதியம் புரதம் 26, கிரியேட்டினின் 13. இரண்டுக்கும் விகிதம் 2.0 தான். விகிதத்தின் பலம் முழுவதும் இங்கே இருக்கிறது. தசையிலிருந்து கிரியேட்டினின் ஏறத்தாழ ஒரே சீராக வந்துகொண்டிருப்பதால், தண்ணீர் சிறுநீரை நீர்க்கச் செய்யும்போது புரதமும் கிரியேட்டினினும் ஒரே அளவில் நீர்க்கின்றன. வகுத்தால் தண்ணீர் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. 1983-ல் கின்ஸ்பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இந்தச் சோதனையை முன்வைத்தபோது, 3.5-க்கு மேல் போனால் நெஃப்ராட்டிக் அளவு, 0.2-க்குக் கீழே இருந்தால் இயல்பு என்று எல்லை கட்டினார்கள். ஒரு முறை சிறுநீர் கொடுத்தால் போதும் என்ற வசதியால் உலகமெங்கும் அது பரவியது.

இந்த வசதியின் அடியில் ஓர் ஊகம் இருக்கிறது. விகிதத்தை அப்படியே கிராமாகப் படிக்க வேண்டுமானால், அந்த ஆள் ஒரு நாளில் ஒரு கிராம் கிரியேட்டினின் வெளியேற்ற வேண்டும். வயது குறைந்த, நடுத்தர உடம்பு உள்ளவருக்கு இது சுமாராகப் பொருந்தும். நம் பெண்மணிக்குப் பொருந்துமா? காக்ராஃப்ட், கால்ட் இருவரும் 1976-ல் தந்த கணக்குப்படி, ஆணின் கிரியேட்டினின் வெளியேற்றம் கிலோவுக்கு, 28-லிருந்து வயதின் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து வரும் மில்லிகிராம். பெண்ணுக்கு அதில் 85 சதவீதம். அறுபது வயதுக்கு 16. பெண் என்பதால் 13.6, 44 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 598 மில்லிகிராம். ஒரு கிராமில் பாதிக்குச் சற்று மேல். அவருக்கு விகிதம் 2.0 என்றால் உண்மையான புரத இழப்பு 2 கிராம் அல்ல, சுமார் 1.2 கிராம்.

மறுபக்கம் முப்பது வயது, 82 கிலோ எடையுள்ள, தசை உள்ள ஒரு ஆண். அவருடைய கணக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,800 மில்லிகிராம். அவருக்கு விகிதம் 0.65 என்று வந்தால், '0.65 கிராம்தான், பார்த்துக்கொள்ளலாம்' என்று அனுப்பிவிடுவார்கள். உண்மையில் போவது 1.17 கிராம். அதாவது 2.0 காட்டும் பெண்மணியும் 0.65 காட்டும் இளைஞரும் இழப்பது ஒரே அளவு புரதம். ஒரு கிராமைத் தாண்டினால் சிகிச்சையைக் கூட்ட வேண்டும் என்று எல்லை வைத்திருக்கும் மருத்துவர் இருவரில் ஒருவரை மட்டுமே கவனிப்பார். எனக்கு இதில் அதிகக் கவலை தருவது இளைஞரின் நிலைதான். மெலிந்தவருக்கு விகிதம் கூடுதலாகக் காட்டினால் இன்னொரு சோதனையோடு உண்மை தெரிந்துவிடும்; பருத்த தசை உள்ளவருக்குக் குறைத்துக் காட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதைத் திருத்துவது கடினமல்ல. விகிதத்தை, அந்த ஆளுக்கு வயது, எடைப்படி எதிர்பார்க்கும் கிரியேட்டினினால் பெருக்கிவிட்டால் கிராம் கணக்கு நெருங்கி வரும். ஆனால் கால் அகற்றப்பட்டவர், படுத்த படுக்கையாக இருப்பவர், நீண்ட நாள் ஸ்டீராய்டு தின்று தசை கரைந்தவர் ஆகியோருக்கு எதிர்பார்ப்புக் கணக்கே தப்பும். திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பில் கிரியேட்டினின் வெளியேற்றமே விழுந்துவிடுவதால், புரதம் கூடாமலே விகிதம் ஏறும். அந்த நாட்களில் விகிதத்தை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

அப்படியானால் 24 மணி நேரச் சிறுநீர்தான் கடைசி நீதிபதியா? கொள்கையளவில் ஆம்; நடைமுறையில் அதைப் போல ஏமாற்றும் சோதனையும் குறைவு. காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் கழிக்கும் ஒவ்வொரு துளியும் கேனுக்குள் போக வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் கழிப்பது கடைசி. முதல் சிறுநீரையும் சேர்த்துவிட்டால் எண் கூடும். மலம் கழிக்கும்போது போனது, வேலைக்குப் போன இடத்தில் போனது, நடு இரவில் அரைத் தூக்கத்தில் போனது விட்டுப்போனால் எண் குறையும். கேனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகக் கூச்சப்பட்டு யாராவது பாதியில் நிறுத்தினால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நம் பெண்மணி முதல் முறை சரியாகவே சேர்த்தார். அளவு 1,300 மில்லி; புரதம் டெசிலிட்டருக்கு 90 என்பதால் மொத்தம் 1,170 மில்லிகிராம்; கிரியேட்டினின் 46 என்பதால் மொத்தம் 598. எதிர்பார்த்த 598 அப்படியே வந்துவிட்டது, கேன் முழுமை. நிஜத்தில் இவ்வளவு கச்சிதமாக வராது, கால் பங்கு கூடக் குறைய இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டபின் இரண்டாவது கேன் வருகிறது. அளவு 700 மில்லி, மொத்தப் புரதம் 700 மில்லிகிராம். 1,170 குறைந்து 700 ஆகியிருக்கிறது, மருந்து வேலை செய்கிறது என்று எல்லோரும் மகிழலாம். ஆனால் அந்தக் கேனில் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 52, மொத்தம் 364 தான். அவருடைய தசை மூன்று மாதத்தில் நாற்பது சதவீதம் கரைந்திருக்க முடியாது. கேனில் இருந்தது ஏறத்தாழ பதினைந்து மணி நேரச் சிறுநீர். புரதத்தைக் கிரியேட்டினினால் வகுத்துப் பாருங்கள்: முதல் கேனில் 1.96, இரண்டாவதில் 1.92. எதுவும் குறையவில்லை. கேனின் பொய்யைக் கேனுக்குள் இருந்த விகிதமே காட்டிக்கொடுத்தது.

சிறுநீரக நோய்க்கு உலகளாவிய வழிகாட்டு நெறிகளை வகுக்கும் கேடிகோ அமைப்பும் 2021-ல் குளோமருலஸ் நோய்களுக்கு இதே வழியைத்தான் சொன்னது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தொடங்கும்போதோ கூட்டும்போதோ 24 மணி நேரச் சேகரிப்பு வேண்டும். அப்படிச் சேர்க்க முயன்ற கேனிலிருந்தே ஒரு பங்கு எடுத்து விகிதம் பார்ப்பது நல்ல சமரசம். கேன் முழுமையாக இல்லாவிட்டாலும், பல மணி நேரத்தின் சராசரி அதில் இருப்பதால், ஒரு முறை பிடித்த சிறுநீரைவிட அந்த விகிதம் நிலையானது.

ஸ்ட்ரிப்புக்கு உரிய இடமும் ஒன்று உண்டு, அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். நெஃப்ராட்டிக் நோய் உள்ள குழந்தைக்கு வீட்டில் தினமும் காலையில் தாய் பார்க்கும் சோதனைக்கு எந்த லேப்பும் ஈடாகாது. தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸ் வந்தால் நோய் திரும்பிவிட்டது. தொடர்ந்து மூன்று நாள் 'இல்லை' அல்லது டிரேஸ் என்றால் தணிந்துவிட்டது. கேட்கும் கேள்வி 'வெள்ளம் வந்ததா, வடிந்ததா' என்பது மட்டும் என்பதால் செறிவுக் கணக்கின் பிழை அங்கே கெடுப்பதில்லை. கர்ப்பிணிகளிடமும் முதல் எச்சரிக்கை ஸ்ட்ரிப்பிலிருந்துதான் வருகிறது. ஆனால் பிரீஎக்லாம்ப்சியா சந்தேகம் வந்தபின், 0.3 என்ற எல்லையை விகிதத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்; ஒரு நாள் கேனுக்காகக் காத்திருப்பது அந்தத் தாய்க்கு ஆபத்தான தாமதம்.

ஸ்ட்ரிப்பும் விகிதமும் முரண்படும்போது அந்த முரண்பாட்டையே நோய்க்குறியாகப் படிக்க வேண்டும். ஸ்ட்ரிப்பின் சாயம் பெரும்பாலும் அல்புமினைத்தான் பிடிக்கும். மயலோமாவில் வரும் லைட் செயின் என்ற புரதத்தைத் தவறவிடும். முதுகு வலியும் ரத்தச் சோகையும் உள்ள ஒருவருக்கு ஸ்ட்ரிப் 'இல்லை' என்றும் விகிதம் 3 என்றும் வந்தால், ஏதோ ஒன்று தப்பு என்று ஒதுக்காமல் எலும்பு மஜ்ஜையை நோக்கிப் போக வேண்டும்.

என் தீர்ப்பு இது. ஒரே ஆளை மாதா மாதம் தொடர்வதற்கு விகிதத்தை நம்பலாம், அதுவும் காலை முதல் சிறுநீரில். அவருடைய தசை அதே அளவில் இருக்கும்வரை ஊகத்தின் பிழை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருப்பதால், ஏற்ற இறக்கம் உண்மையானது. கிராம் கணக்கில் எல்லை வைத்து வலுவான மருந்து தொடங்கும் நாளில், உடம்பு மிக மெலிந்தோ மிகப் பருத்தோ இருந்தால், கேனைக் கேளுங்கள். ஆனால் மொத்தக் கிரியேட்டினின் இல்லாத 24 மணி நேர ரிப்போர்ட்டை எந்த மருத்துவரும் ஏற்கக் கூடாது. பல லேப்கள் இன்றும் அளவையும் புரதத்தையும் மட்டுமே அச்சிட்டுத் தருகின்றன. அதே கேனில் கிரியேட்டினின் பார்க்கக் கூடுதல் செலவு சொற்பம். ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி இல்லையென்றால், கேனைக் கொட்டுவதற்கு முன் அதையும் பார்த்துத் தரும்படி லேப்பிடம் கேளுங்கள்.