பெட்டியில் வரும் திருகை நம்பாதீர்கள்

வயதானவர்கள் இருக்கும் குளியலறைக்குக் கைப்பிடி வேண்டும் என்று ஆன்லைனில் தேடினால், சுவரில் அழுத்தி ஒட்டவைக்கும் சக்ஷன் பிடிதான் முதலில் வந்து நிற்கும். துளை போட வேண்டாம், டைல்ஸ் விரிசல் விடாது, வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கவும் வேண்டாம். ஆவடி சேக்காட்டில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் வீட்டில் அதையும், திருகி மாட்டும் ஸ்டீல் பிடியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

சோதனைக்கு யோசனை சொன்னது அப்பா. டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; எதையும் எடை ஏற்றிப் பார்க்காமல் நம்பமாட்டார். சக்ஷன் பிடியில் ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டு இரவு முழுக்க விட்டோம். காலையில் வாளி கவிழ்ந்து கிடந்தது. ரப்பருக்கும் டைல்ஸுக்கும் நடுவில் காற்று மெல்லக் கசிந்தால் பிடிப்பு போய்விடும். போர் தண்ணீரின் உப்புப் படிவமும், டைல்ஸ் சேரும் கோடும் அந்தக் கசிவுக்கு வழி. பிடியின் இண்டிகேட்டரில் பச்சை நிறம் தெரிந்தது என்னவோ உண்மை. ஆனால் நாங்கள் வாங்கியதில் அது லீவர் பூட்டியதற்கு மட்டும்தான் அடையாளம், உள்ளே காற்று புகுந்ததைச் சொல்லாது. நடக்கும்போது லேசாகத் தொட்டுக்கொள்ள வேண்டுமானால் சரி. சறுக்கும்போது முழு எடையோடு தாவிப் பிடிக்க அது ஆகாது.

ஸ்டீல் பிடி வாளியைத் தாங்கியது, அப்பா தொங்கிப் பார்த்ததையும் தாங்கியது. ஆனால் அது பிடியின் பெருமை இல்லை, திருகின் பெருமை. பெட்டியில் கொடுத்திருந்த திருகு ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. டைல்ஸ் 8 மி.மீ., அதன் பின்னால் சிமெண்ட் பூச்சு 20 மி.மீ. என்று வைத்தால், செங்கல்லுக்குள் போவது 10 மி.மீ.தான். பிடியின் தகட்டுத் தடிமனைக் கழித்தால் இன்னும் குறையும். அப்படி மாட்டினால் கொஞ்ச நாள் ஆடாமல் இருக்கும், பிறகு டைல்ஸோடு பெயர்ந்து வரும். 75 மி.மீ. ஸ்டெயின்லெஸ் திருகும், அதற்கேற்ற நீளமான நைலான் பிளக்கும் தனியாக வாங்கினோம். டைல்ஸைத் தாண்டும் வரை டிரில்லிங் மெஷினின் ஹேமரை அணைத்துவிட வேண்டும், செங்கல்லைத் தொட்ட பிறகு போடலாம். துளையிலிருந்து வரும் தூளைப் பார்த்தாலே எங்கே இருக்கிறோம் என்று தெரியும்: சாம்பல் நிறம் வந்தால் பூச்சு, சிவப்பு வந்தால் செங்கல். புது அடுக்குமாடிகளில் இருக்கும் இலேசான ஏஏசி பிளாக் சுவருக்கு இந்தச் சாதாரண பிளக் போதாது. அதற்கென்று விற்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்த உயரத்தில் மாட்டுவது? கமோடுக்குப் பக்கத்துப் பிடிக்கு அமெரிக்க விதி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம் என்கிறது. 4 அடி 10 அங்குல அம்மா உட்கார்ந்தால் அது கிட்டத்தட்ட தோள் உயரம். அங்கே கையை வைத்து இழுக்கலாம், ஊன்றி எழ முடியாது. அம்மாவை உட்காரவைத்து, கையை மடக்கி ஊன்றச் சொல்லி, சுவரில் பென்சிலால் குறித்தோம். 27 அங்குலம் வந்தது. சுவருக்கும் பிடிக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி போதும். அதிகமானால், வழுக்கும்போது முழங்கை வரை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

கமோடு உயரமும் இதே கணக்குதான். தரையிலிருந்து அம்மாவின் முழங்காலுக்குப் பின்பக்கம் வரை 15 அங்குலம். உட்காரும் இடம் அதைவிட ஓரிரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் மூட்டு வலிக்காமல் எழலாம். எங்கள் கமோடு 15 அங்குலம். கடையில் 4 அங்குல ரெய்சரைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். அதைப் போட்டால் அம்மாவுக்குக் கால் தொங்கும், எழும்போது ஊன்றத் தரை இருக்காது. 2 அங்குலமே வாங்கினோம். கட்டிலுக்கும் சோபாவுக்கும் ஆள் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகுதான் அளக்க வேண்டும். எங்கள் சோபா பார்வைக்கு 16, உட்கார்ந்தால் 13.

கடைசியாக, ஆள் நடமாட்டம் கண்டு எரியும் சென்சார் விளக்கு. வெள்ளை வெளிச்சம் வேண்டாம். 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்ட மஞ்சளைக் கணுக்கால் உயரத்தில் வைத்தால் தரை தெரியும், கண் கூசாது. கண்புரை உள்ளவர்களுக்கு அந்தக் கூச்சம்தான் பெரிய தொல்லை. குறை ஒன்று உண்டு. இந்த சென்சார் உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து வேலை செய்வது. மே மாதத்தில் இரவிலும் அறை புழுங்கும்போது அந்த வித்தியாசம் சுருங்கி, விளக்கு தாமதமாக எரிகிறது. நேராக அதை நோக்கி நடந்து வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரைத்தான் அது சுலபமாகக் காணும். அதனால் கட்டிலுக்கு எதிரே வைக்காமல், குளியலறைக்குப் போகும் வழியின் பக்கவாட்டில் வைத்தோம். வெயில் காலத்துக்கு மட்டும் வழியில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பை விடிய விடிய எரியவிடுகிறோம்.