28 ஆண்டும் 18 நாளும்

1857 முதல் 1947 வரையிலான இந்திய விடுதலைப் போராட்டத்தைக் காலக்கோடாக வரைந்து வரச் சொல்வது சமூக அறிவியல் வகுப்புகளில் வழக்கமான செயல்திட்டம். அப்படி வந்து சேரும் சார்ட்டுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். நடுவில் ஒரு கோடு, அதன் மேல் சமதூரத்தில் வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு குறிப்புப் பெட்டி. 13 நிகழ்வுகள் என்றால் கோட்டை 12 சம பாகமாகப் பிரித்துவிடுவார்கள். பவர்பாயின்டில் உள்ள ஸ்மார்ட்ஆர்ட் காலக்கோடும் இப்படித்தான் இடத்தைப் பங்கிடுகிறது. எழுத்து தெளிவாகத் தெரிகிறது, எதுவும் எதன் மேலும் ஏறுவதில்லை, பார்க்கவும் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அந்த ஒழுங்குக்காகக் கொடுக்கும் விலை பெரிது. காலக்கோடு சொல்லவேண்டிய முதல் செய்தியே, அதாவது எது எவ்வளவு காலம் கழித்து நடந்தது என்பதே, அதில் அழிந்துபோகிறது. படிக்க வசதியாக இருக்கவேண்டும் என்பதற்காக நகர்த்தவேண்டியது எழுத்தை மட்டுமே. ஆண்டின் புள்ளியை நகர்த்தக்கூடாது. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

சம இடைவெளியின் குறையை அளந்தே காட்டிவிடலாம். சார்ட் தாளின் நீளப்பக்கம் ஏறக்குறைய 71 செ.மீ. ஓரங்களை விட்டால் கோட்டுக்கு 66 செ.மீ. கிடைக்கும். 13 நிகழ்வுகளைச் சமமாகப் பரப்பினால் இரண்டு வட்டங்களுக்கு நடுவே 5.5 செ.மீ. வரும். 1857 மே மாதம் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்ததற்கும் 1885 டிசம்பரில் காங்கிரஸ் பிறந்ததற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன, அதற்கு 5.5 செ.மீ. காந்தி-இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது 1931 மார்ச் 5. பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் தூக்கிலிடப்பட்டது அதே மார்ச் 23. இடையே 18 நாள்தான், அதற்கும் 5.5 செ.மீ. அந்த மாதக் கடைசியில் கராச்சியில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது இளைஞர்கள் காந்திக்கு எதிராக ஏன் கறுப்புக்கொடி பிடித்தார்கள் என்பது அந்த 18 நாளின் நெருக்கத்தில்தான் விளங்கும். அரசோடு உடன்பாடு கண்ட மை காய்வதற்குள் தூக்குமேடை எழுந்துவிட்டது. 28 ஆண்டையும் 18 நாளையும் ஒரே அளவாகக் காட்டும் படத்தைப் பார்க்கும் மாணவருக்கு அந்தக் கோபத்தின் காரணம் கண்ணில் படாது.

சம இடைவெளிக்காக வாதாடுபவர்கள் முன்வைக்கும் காரணம் வலுவானது; அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று கறாராக அளந்து வரைந்தால் படம் படிக்க முடியாமல் போகும் என்கிறார்கள். உண்மைதான். 1855 முதல் 1950 வரை 95 ஆண்டுகளை ஆண்டுக்கு 7 மி.மீ. என்று வைத்தால் 66.5 செ.மீ. தாளில் சரியாக அமர்ந்துவிடும். ஆனால் 1919இல் ரௌலட் சட்டம் வந்தது மார்ச்சில். ஜாலியன்வாலாபாக் படுகொலை ஏப்ரல் 13. இரண்டுக்கும் இடையே தாளில் கிடைப்பது சுமார் அரை மில்லிமீட்டர். ஸ்கெட்ச் பேனாவின் கோடே அதைவிடத் தடிமன். 1920 செப்டம்பரில் கல்கத்தா சிறப்பு மாநாடு ஒத்துழையாமையை ஏற்றது, 1922 பிப்ரவரியில் சௌரி சௌரா நடந்தது. இவை இரண்டையும் சேர்த்து நான்கு நிகழ்வுகளும் சுமார் 2 செ.மீ.யில் அடைந்துவிடுகின்றன. நாலைந்து அடி தள்ளி நின்று படிக்கும் அளவுக்கு எழுதினால் ‘ஜாலியன்வாலாபாக் படுகொலை’ என்ற தலைப்புக்கு மட்டும், இரண்டு வரியாக மடித்தாலும், 5 செ.மீ. வேண்டும். மறுபக்கம் 1857க்கும் 1885க்கும் நடுவே 20 செ.மீ. வெறுந்தாள். நெரிசலும் வெறுமையும் ஒரே தாளில் இருப்பதைப் பார்த்து மாணவர் சம இடைவெளிக்குத் தாவுவதில் வியப்பில்லை.

ஆனால் இந்த வாதம் இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒன்றாக்கிவிடுகிறது. புள்ளி என்பது காலத்தின் இடம். அதற்கு ஒரு மில்லிமீட்டர் போதும். குறிப்புப் பெட்டி என்பது எழுத்தின் இடம். அதற்குத்தான் 5 செ.மீ. தேவை. பெட்டி தன் புள்ளிக்கு நேர் மேலே உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மெல்லிய இணைப்புக் கோட்டின் ஒரு முனையில் புள்ளியும் மறுமுனையில் பெட்டியுமாக வைத்தால் புள்ளி தன் இடத்திலேயே இருக்கும், பெட்டி வசதியான இடத்துக்கு நகரலாம். மேலே சொன்ன நெரிசலையே எடுத்துக்கொள்வோம். கோட்டின் இடது முனையை 1855 என்று கொண்டால், 1911 டிசம்பரில் வங்கப் பிரிவினை ரத்தான புள்ளி 39.9 செ.மீ.யிலும் 1930 மார்ச்சில் தண்டி யாத்திரை தொடங்கிய புள்ளி 52.6 செ.மீ.யிலும் விழும். 1911இன் பெட்டியை இடப்பக்கமாகவும் 1930இன் பெட்டியை வலப்பக்கமாகவும் தள்ளிவிட்டால் நடுவே 12 செ.மீ.க்கு மேல் கிடைக்கிறது. ரௌலட் சட்டமும் ஒத்துழையாமையும் கோட்டுக்கு மேலே, ஜாலியன்வாலாபாகும் சௌரி சௌராவும் கீழே என்று பிரித்தால் பக்கத்துக்கு இரண்டு பெட்டிகள்தான். ஒவ்வொன்றுக்கும் ஐந்தரை செ.மீ. தாராளமாகக் கிடைக்கும். நெரிசல் தீர்ந்தது, ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை.

இணைப்புக் கோடுகள் படத்தைச் சிலந்திவலை ஆக்கிவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். கவனமில்லாமல் வரைந்தால் அப்படித்தான் ஆகும். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் எந்தப் பெட்டி எந்தப் புள்ளிக்கு உரியது என்று கண் தடுமாறும். ஆனால் வெட்டு விழுவது ஒரே காரணத்தால்தான்: பெட்டிகளின் வரிசை புள்ளிகளின் வரிசையிலிருந்து பிறழும்போது. ஒரே பக்கத்தில் உள்ள பெட்டிகளை இடமிருந்து வலமாக ஆண்டு வரிசை மாறாமல் வைத்தால் கோடுகள் விசிறிபோல விரியுமே தவிரப் பின்னிக்கொள்ளாது. கோட்டைப் பென்சிலின் மெல்லிய சாம்பல் நிறத்தில் வைத்து, புள்ளியை மட்டும் அழுத்தமான நிறத்தில் வைத்தால் கண் முதலில் காலத்தைப் படிக்கும், பிறகு பெயரைப் படிக்கும். இதற்கு ஒரு வேலை ஒழுங்கும் தேவை. முதலில் எல்லாப் புள்ளிகளையும் அளவுகோலால் குறித்து முடித்துவிட்டுப் பிறகுதான் பெட்டிகளைத் தொடவேண்டும். ஒவ்வொரு நிகழ்வாகப் புள்ளியும் பெட்டியும் சேர்த்து வரைந்துகொண்டே போகும்போதுதான், 1919ஐ எட்டியதும் இடம் போதாமல், புள்ளியைக் கொஞ்சம் தள்ளிவைக்கும் ஆசை வருகிறது.

புள்ளிகளே ஒன்றின் மேல் ஒன்று விழும் இடங்களும் உண்டு. பெட்டியை நகர்த்தி அங்கே தப்பிக்க முடியாது. 1930 மார்ச் 12இல் காந்தி சபர்மதியிலிருந்து புறப்பட்டது, ஏப்ரல் 6இல் தண்டியில் உப்பெடுத்தது, ஏப்ரல் 13இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பியது, ஏப்ரல் 30இல் அங்கே உப்புச் சட்டத்தை மீறியது ஆகிய நான்கும் முதன்மைக் கோட்டில் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கே தேவைப்படுவது பெரிதாக்கிய ஒரு தனித் துண்டு. 1930 மார்ச் முதல் 1931 ஏப்ரல் வரையிலான 14 மாதங்களை மாதத்துக்கு 1 செ.மீ. என்று 14 செ.மீ. நீளத்தில் கீழே வரைந்து, முதன்மைக் கோட்டில் அந்தக் காலம் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு கோடுகளை அதன் இரு முனைகளுக்கும் இழுக்கவேண்டும். தண்டியில் உப்பெடுத்த ஒரே வாரத்தில் தமிழ்நாட்டு அணி புறப்பட்டதும், அது புறப்பட்ட நாள் ஜாலியன்வாலாபாக் நாளாக இருப்பதும் இந்தத் துண்டில்தான் தெரியவரும். ஒப்பந்தத்துக்கும் தூக்குக்கும் நடுவே இருந்த 18 நாளும் இதில் 6 மி.மீ. ஆகக் கண்ணுக்குப் புலப்படும். இரண்டு அளவுகள் ஒரே தாளில் இருப்பது குழப்பம் என்பவர்கள் நிலப்படத்தை நினைத்துப் பார்க்கலாம். மாநிலப் படத்தின் மூலையில் தலைநகரைப் பெரிதாக்கிக் காட்டுவதை மாணவர்கள் புவியியல் பாடத்தில் படித்தே வருகிறார்கள். அங்கே போலவே இங்கேயும் ஒவ்வொரு கோட்டின் அருகிலும் அதன் அளவை எழுதிவிட்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

வெறுமையாகக் கிடக்கும் 20 செ.மீ.யை என்ன செய்வது? கோட்டில் ஒரு நெளிவைப் போட்டு அந்த ஆண்டுகளைச் சுருக்கிவிடலாம் என்பார்கள். நெளிவுக்கு நியாயமான இடம் உண்டு. 1600இல் கிழக்கிந்தியக் கம்பெனி பட்டயம் பெற்றதை முன்கதையாகச் சேர்க்க விரும்பினால், அதை 1857 வரை இதே அளவில் நீட்ட ஏறக்குறைய 1.8 மீட்டர் வேண்டும். அங்கே நெளிவு போடுவதே சரி. ஆனால் 1857-1885 எடுத்துக்கொண்ட காலத்துக்கு உள்ளேயே இருக்கிறது. அதைச் சுருக்கினால் எழுச்சி அடக்கப்பட்ட பிறகு அமைப்பாகத் திரள ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது என்ற உண்மை மறையும். வெறுமை ஒரு கேள்வியையும் எழுப்புகிறது: அந்த ஆண்டுகளில் ஒன்றும் நடக்கவில்லையா, நாம்தான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லையா? 1876-78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. 1878இல் தாய்மொழிப் பத்திரிகைகளுக்குப் பூட்டுப்போடும் சட்டம் வந்தது. அதே ஆண்டு சென்னையில் ‘தி இந்து’ தொடங்கியது. 1884இல் சென்னை மகாஜன சபை பிறந்தது. 1885 எங்கிருந்து வந்தது என்பதற்கான விடையின் ஒரு பகுதி இந்த வெற்றிடத்தில் இருக்கிறது. சம இடைவெளிப் படம் அந்தக் கேள்வியைக் கேட்கவே விடாது.

உண்மை அளவுக்கும் ஒரு குறை உண்டு. புள்ளிகள் நெருங்கியிருக்கும் இடமே முக்கியமான காலம் என்ற எண்ணத்தை அது பார்ப்பவர் மனத்தில் விதைக்கிறது. நெருக்கம் வரலாற்றின் வேகத்தால் மட்டும் வருவதில்லை, தேர்ந்தெடுத்தவரின் கையாலும் வருகிறது. பாடநூல் 1919-1947ஐ விரிவாகச் சொல்வதால் மாணவரின் புள்ளிகளும் அங்கேயே குவிகின்றன. நீடித்த நிகழ்வுகளையும் புள்ளி சிதைக்கிறது. பஞ்சம் ஒரு நாளில் வந்து போனதல்ல. பஞ்சத்தை 1876இலிருந்து 1878 வரை நீளும் பட்டையாகவும், 1905இல் தொடங்கிய சுதேசி இயக்கத்தை 1911 வரை நீளும் பட்டையாகவும் வரைந்தால் இந்தக் குறை பாதி தீரும். 1765இல் ஜோசப் பிரீஸ்ட்லி ஆயிரக்கணக்கான ஆண்டுகளை ஒரே சீரான அளவில் வகுத்து, புகழ்பெற்ற மனிதர்களின் வாழ்நாட்களை நீளக் கோடுகளாக வரைந்த அட்டவணையில் கையாண்ட முறையும் இதுதான். ஆண்டு உறுதியாகத் தெரியாத இடங்களை அவர் புள்ளிகளால் குறித்தார். மீதிப் பாதி, எந்த நிகழ்வை எதற்காக எடுத்தோம் என்று சார்ட்டின் கீழே இரண்டு வரி எழுதுவதால் தீரும். அளவைக் கைவிடுவதால் இந்தக் குறை தீராது. சம இடைவெளியிலும் அதே தேர்வுதான் இருக்கிறது. அங்கே அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சம இடைவெளியை அடியோடு ஒதுக்கவேண்டும் என்பதில்லை. தண்டி யாத்திரை எந்தெந்தக் கட்டங்களாக நடந்தது என்று வரிசையை மட்டும் காட்டவேண்டிய படத்தில் அதுவே எளிது. அப்போது கோடு போடாமல் 1, 2, 3 என்று எண்ணிட்ட கட்டங்களாக வரைவதே நேர்மை, ஏனென்றால் கோடு போட்டவுடன் அதன் நீளத்தைக் காலமாகப் படிப்பது கண்ணின் இயல்பு. கோடு போட்ட சார்ட்டைச் சோதிக்க ஆசிரியருக்கு ஓர் அளவுகோல் போதும். ஏதாவது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து ஆண்டுகளால் வகுக்கவேண்டும். வேறு இரண்டு புள்ளிகளை எடுத்து அதையே செய்யவேண்டும். இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் அது காலக்கோடு. மதிப்பெண் பட்டியலில் அழகுக்கும் கையெழுத்துக்கும் இடம் ஒதுக்கும் ஆசிரியர்கள் இந்த ஒரு வகுத்தலுக்கும் இடம் ஒதுக்கினால், பெட்டிகளை எங்கே வைப்பது என்ற சிக்கலை மாணவர்கள் தாங்களாகவே தீர்த்துக்கொள்வார்கள்.