ஊட்டி அடுப்பில் 5 லிட்டர் குக்கர்

ஊட்டியில் ஒரு வாடகை வீட்டுச் சமையலறை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. உள்ளே விட்ட வெப்பமானியோ 92, 93 டிகிரி செல்சியஸிலேயே நின்றுவிட்டது. தீயைக் கூட்டினால் ஆவிதான் கூடுகிறது, சூடு ஏறவில்லை. சென்னையில் இதே வெப்பமானி 100 வரை காட்டியது. சோதனைக்கு வந்திருப்பது வெளிமூடியும், தலையில் தனி வெயிட்டும் கொண்ட 5 லிட்டர் அலுமினிய குக்கர். இதை மலையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமையும் அளவும் தெரியும்.

தண்ணீர் எந்தச் சூட்டிலும் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆவி தள்ளும் விசைதான் ஆவி அழுத்தம். சூடு ஏற ஏற அது வேகமாக உயரும்: 20 டிகிரியில் வெறும் 2.3 கிலோபாஸ்கல், 100 டிகிரியில் 101. தண்ணீருக்குள் தோன்றும் ஆவிக்குமிழியை வெளிக்காற்று நசுக்கப் பார்க்கிறது. ஆவி அழுத்தம் காற்றழுத்தத்தை எட்டியதும் குமிழி நசுங்காமல் மேலே வருகிறது. அதுதான் கொதிப்பு. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல்தான். அதை எட்ட 92.5 டிகிரியே போதும் என்பதால் தண்ணீர் அங்கேயே கொதித்துவிடுகிறது. லே நகரத்தில், 3,500 மீட்டரில், இது 88 டிகிரிக்கு இறங்கிவிடும்.

பருப்புக்குக் கொதிப்பு முக்கியமில்லை, சூடுதான் முக்கியம். 1835-ல் ஆண்டிஸ் மலையைக் கடந்த சார்லஸ் டார்வினின் குழு இரவெல்லாம் உருளைக்கிழங்கைக் கொதிக்கவிட்டும் அது வேகவில்லை. உடன் வந்தவர்கள் பானையின் மேல் பழி போட்டார்கள்.

குக்கர் செய்வது, காற்று கொடுக்காத அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வது. மூடியிலுள்ள ஆவித்துளையின் பரப்பு 0.08 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் உட்காரும் 80 கிராம் வெயிட் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். அதற்குமேல் போனால்தான் வெயிட் எழும்பி விசிலடிக்கும். சென்னையில் இது வெளிக்காற்றோடு சேர்ந்து சுமார் 199 கிலோபாஸ்கல் ஆகிறது. உள்ளே தண்ணீர் 120 டிகிரியில் நிற்கிறது. வேகும் மாற்றங்கள் 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும் என்ற தோராயக் கணக்குப்படி, திறந்த பாத்திரத்தைவிட நான்கு மடங்கு வேகம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வெயிட் தருவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம் மட்டுமே. ஊட்டியின் 77-உடன் வெயிட்டின் 98 சேர்ந்தால் 175 கிலோபாஸ்கல்தான். உள்ளே 116 டிகிரி. திறந்த பாத்திரம் மலையில் ஏழரை டிகிரியை இழக்க, குக்கர் நான்கு டிகிரியை மட்டும் இழக்கிறது. ஊறவைத்த துவரம்பருப்பு சென்னையில் முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் 8 நிமிடத்தில் மசிந்தது. ஊட்டியில் அதே 8 நிமிடத்துக்குப் பின் திறந்தபோது, விரலால் நசுக்கிய பருப்பின் நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தது. கிட்டத்தட்ட 11 நிமிடம் தேவைப்பட்டது; மேலே சொன்ன கணக்கும் அதைத்தான் சொல்கிறது.

முதல் சமையலில் ஒரு தவறு நடந்தது. அடுப்பேற்றும்போதே வெயிட்டையும் போட்டதில் உள்ளிருந்த காற்று முழுதும் வெளியேறவில்லை. அடைபட்ட காற்றும் அழுத்தத்தில் பங்கு வகிக்கும்; ஆவியின் பங்கு அந்த அளவு குறையும்; சூடும் குறையும். விசில் மட்டும் ஒழுங்காக வந்தது! துளை வழியே ஆவி சீராகச் சீறிய பிறகே வெயிட்டைப் போட வேண்டும். விசிலை எண்ணிச் சமைப்பதையும் விட்டுவிடலாம். பெருந்தீயில் அடுத்தடுத்து வரும் விசில்கள் சூட்டை ஏற்றுவதில்லை, தண்ணீரைத்தான் தீர்க்கின்றன.

பருப்புக்கு இந்தக் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை ஆவித்துளையை அடைத்தால் வெயிட் எழும்பாமலே அழுத்தம் ஏறும். அப்படி ஏறினால் காப்பது மூடியிலுள்ள பாதுகாப்பு வால்வு மட்டுமே. வெயிட் போட்டும் வெகுநேரம் அசையாமல் இருந்தால் அடுப்பை அணைத்து ஆறவிடுவதே சரி. விளிம்பில் ஆவி கசிந்தால் கேஸ்கெட் தேய்ந்துவிட்டது என்று பொருள், அழுத்தம் நிற்காது.

மின்சாரக் குக்கர்கள் பல இதைவிடக் குறைவாக, ஏறத்தாழ 70 கிலோபாஸ்கல் அழுத்தத்திலேயே இயங்குகின்றன. ஊட்டியில் அவை 111 டிகிரியைத்தான் எட்டும். கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் அடிக்கடி வேகும் மலைவீட்டுக்கு இந்த வெயிட் குக்கரே தேர்வு. திறப்பதற்கு மட்டும் பொறுமை வேண்டும். 116 டிகிரி தண்ணீரின் மேல் அழுத்தம் திடீரென்று 77-க்கு இறங்கினால் அது ஒரே மூச்சில் கொதித்துப் பொங்கும். அதனால் ஆவி தானாக அடங்க விட்டு, வெயிட்டை லேசாகத் தூக்கிச் சீற்றம் இல்லை என்று பார்த்த பிறகே மூடி திறக்கப்பட்டது.