செல்லைக் கேட்டு முடிவெடுக்கும் சர்க்யூட்

ஒற்றை லித்தியம் செல்லுக்கென்று மலிவாகக் கிடைக்கும் சிறிய நீல நிற சார்ஜர் போர்டை எலக்ட்ரானிக்ஸ் பழகியவர்கள் எல்லோரும் கையில் எடுத்திருப்பார்கள். அதில் மூன்றே ஐசிகள். TP4056 சார்ஜ் ஏற்றும். DW01A செல்லைக் கண்காணிக்கும். அது சொன்னபடி பாதையைத் திறந்து மூடுவது 8205A, அதாவது ஓர் உறைக்குள் இரண்டு மாஸ்ஃபெட்டுகள். இந்த வகை சர்க்யூட்டில் என்னைக் கவர்வது ஒன்றுதான்: எப்போது மறுக்க வேண்டும் என்பதை அது எதை அளந்து முடிவு செய்கிறது?

சார்ஜை நிறுத்தும் இடத்தைப் பாருங்கள். TP4056 முதலில் 1 ஆம்பியரைச் சீராக ஏற்றும். மின்னழுத்தம் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அதை அங்கேயே பிடித்துக்கொள்ளும். மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வரும். 4.2 வந்துவிட்டதே, செல் நிறைந்துவிட்டது என்று தோன்றலாம். ஆனால் செல்லின் உள்தடை 0.1 ஓம் என்றால், 1 ஆம்பியர் ஓடும்போது அந்த 4.2 வோல்ட்டில் 0.1 வோல்ட் உள்தடையால் வந்தது. செல் உண்மையில் 4.1-லேயே நிற்கிறது. மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியருக்கு இறங்கும்போது அந்தப் பிழை நூறில் ஒரு வோல்ட்டாகச் சுருங்கிவிடும். அங்கேதான் ஐசி நிறுத்துகிறது. மின்னழுத்தத்தை நம்பாமல், குறைந்துவரும் மின்னோட்டத்தை நம்புவது எத்தனை நேர்த்தியான தேர்வு!

இதை ஏமாற்றுவதும் எளிது. செல்லோடு சேர்த்து 120 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஒரு கருவியை இணைத்தபடியே சார்ஜ் போட்டால், செல் நிறைந்த பிறகும் ஐசியின் கண்ணுக்கு 120 தெரியும். அது 100-க்கு இறங்கவே இறங்காது. சிவப்பு விளக்கு விடிய விடிய எரிகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கருவிக்குத் தனிப் பாதை கொடுப்பதே தீர்வு.

சார்ஜ் தீர்ந்துபோகும் பக்கத்தில் DW01A 2.4 வோல்ட்டில் வெட்டும். சுமை விலகிய கணமே செல்லின் மின்னழுத்தம் தானாக மேலேறும். திரும்பச் சேர்க்கும் எல்லையும் 2.4 ஆகவே இருந்தால் டார்ச் விளக்கு அணைந்து அணைந்து எரியும். அதனால்தான் அந்த எல்லையை 3.0-ல் வைத்திருக்கிறார்கள். 2.4 என்பது கடைசி அரண் மட்டுமே. கருவி தானாகவே 3.0 பக்கத்தில் ஓய்ந்துவிடுவது செல்லுக்கு நல்லது. நான் அதிகம் ரசிப்பது 8205A-வின் இரு மாஸ்ஃபெட்டுகளும் எதிரெதிர்த் திசையில் நிற்பதை. வெளியேறும் பாதை வெட்டப்பட்டிருக்கும்போதும், அந்த மாஸ்ஃபெட்டின் உள்ளேயே இருக்கும் பாடி டயோடு வழியாகச் சார்ஜ் உள்ளே வரலாம். வறண்டுபோன செல் மீண்டு வருவது அந்த வழியில்தான்.

செல்லைத் தலைகீழாகப் போட்டால் இந்த போர்டில் அதற்கு ஏற்பாடு ஏதும் இல்லை. பெரும்பாலும் சிப் வெந்துபோகும். எல்லோரும் சொல்லும் மருந்து, செல்லின் நேர்முனையில் ஒரு பி-சானல் மாஸ்ஃபெட்: ட்ரெய்ன் செல் பக்கம், சோர்ஸ் போர்டு பக்கம், கேட் தரையில். சார்ஜர் இல்லாதவரை இது கச்சிதம். சார்ஜரைச் செருகிவிட்டுச் செல்லைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சோர்ஸில் சார்ஜரின் மின்னழுத்தம் இருப்பதால், செல் எப்படி இருந்தாலும் மாஸ்ஃபெட் திறந்துகொள்ளும். TP4056-ன் ட்ரிக்கிள் மின்னோட்டமான 130 மில்லி ஆம்பியர் தலைகீழ் செல்லுக்குள் பாய்ந்து அதை வடித்துக்கொண்டே இருக்கும். சோர்ஸ் 1 வோல்ட் அளவில் நிற்க, மறுபுறம் −3.7 இருக்க, பொடி மாஸ்ஃபெட் அரை வாட்டுக்கு மேல் சூடாகும். சார்ஜரிடம் கேட்டு எடுத்த முடிவு அது. செல்லை யாரும் கேட்கவில்லை.

கேட்கவைக்க இன்னொரு சிறிய என்-சானல் மாஸ்ஃபெட் போதும். பி-சானலின் கேட்டை ஒரு ரெசிஸ்டர் மூலம் சோர்ஸுக்குக் கட்டி, இயல்பில் மூடியே வையுங்கள். அந்த கேட்டைத் தரைக்கு இழுக்கும் வேலை என்-சானலுக்கு. அதன் கேட் செல்லின் நேர்முனையில். செல் சரியாக இருந்தால் மட்டும் பாதை திறக்கும். தலைகீழானால் என்-சானலின் கேட் தரைக்குக் கீழே போய்விடும், இரண்டும் மூடிக்கிடக்கும். மூடிய பி-சானலின் குறுக்கே அப்போது 8 வோல்ட் பக்கம் நிற்கும், ஆகவே 20 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. தன் பாதுகாப்புப் பலகை வெட்டியதால் முனையில் 0 வோல்ட் காட்டும் செல்லை இந்த சர்க்யூட் எழுப்பாது. அதை முதலில் வேறு சார்ஜரில் வைத்து எழுப்ப வேண்டும். உண்மையிலேயே செத்த செல்லையும் இதே மறுப்பு தள்ளிவைக்கும் என்பதால் இந்த விலையை நான் விரும்பியே கொடுப்பேன். செய்து பார்ப்பவர்கள் முதல் சோதனையில் செல்லோடு தொடராக 47 ஓம், 3 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சார்ஜர் ஓடும்போது செல்லைத் திருப்பிப் போட்டால், ரெசிஸ்டரின் குறுக்கே மீட்டர் 0 காட்ட வேண்டும்.