விடை வேண்டா வினா

செய்யுளில் வரும் வினாவைப் பற்றி நம் இலக்கண மரபு இரண்டு இடங்களில் பேசுகிறது. நன்னூல் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுப்பது பள்ளியிலேயே படித்ததுதான். இது கேட்பவரின் நோக்கத்தை வைத்துச் செய்த பகுப்பு. விடையே வேண்டாத வினாவுக்கு இதில் தனி இடமில்லை. அந்த இடம் இடைச்சொல் பகுதியில் இருக்கிறது. ஓகாரம் தரும் பொருள்களில் தொல்காப்பியம் வினாவையும் எதிர்மறையையும் தனித்தனியே சொல்கிறது. ‘அவன் வந்தானோ?’ என்பது தகவல் கேட்கிறது. ‘நானோ திருடுவேன்?’ என்பது திருட மாட்டேன் என்கிறது. எழுத்து ஒன்றே, வேலை வேறு.

அப்படியானால் வினாச் சொல்லை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. உரையாசிரியர்களின் கைத்திறன் இங்கேதான் தெரிகிறது. கற்றதன் பயனைக் கேட்கும் இரண்டாம் குறளை எடுத்துக்கொள்வோம். பரிமேலழகர் அங்குள்ள வினாப்பெயர் இன்மை குறித்து நின்றது என்கிறார். ‘கொல்’லை அசைநிலை என்று ஒதுக்குகிறார். இறைவனைத் தொழாவிட்டால் கல்விக்குப் பயன் இல்லை என்று மாற்றிச் சொன்னாலும் குறளின் கருத்து குலையாது. வேகம் குறையும், அவ்வளவுதான்.

அதே ‘கொல்’ தகையணங்குறுத்தலின் முதற்குறளிலும் (1081) வருகிறது. எதிரில் நிற்பவள் அணங்கா, மயிலா, மானிடப் பெண்ணா என்று தலைவன் திகைக்கிறான். இதை ‘அணங்கு அல்லள், மயில் அல்லள்’ என்று எதிர்மறையாக்கினால் குறளே கவிழ்ந்துவிடும். தன் நெஞ்சு மயங்குவதாக அவனே இறுதியில் சொல்லிவிடுகிறான்; தெளிந்தவன் மயங்குவானா? ஆக, இது மெய்யான ஐயவினா. பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை என்பதால் வினா பொய்யாகிவிடாது. ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதைவிட, வினாவை எதிர்மறையாக மாற்றிப் பார்த்து, செய்யுளின் மற்றச் சொற்கள் அதற்கு இடம் தருகின்றனவா என்று பார்ப்பதே நம்பத்தக்க உரைகல் என்பது என் எண்ணம்.

இந்த உரைகல்லும் தடுமாறும் இடம் குறுந்தொகையின் 2ஆம் பாட்டு. இறையனார் பெயரில் உள்ள அப்பாட்டில் தலைவன் தும்பியிடம், தலைவியின் கூந்தலைவிட மணமுள்ள பூவை நீ அறிவாயா என்று கேட்கிறான். கேளாதவற்றைக் கேட்பனபோல் வைத்துப் பேசும் வழக்கைத் தொல்காப்பியச் செய்யுளியல் ஏற்றுக்கொண்டிருப்பதால், வண்டிடம் பேசுவது குற்றமில்லை. எதிர்மறையாக்கினால் ‘அத்தகைய பூ இல்லை’ என்று பொருள் சீராகவே வரும். பாட்டின் பழைய கூற்றுக் குறிப்பும் நலம் பாராட்டியது என்றே முடிகிறது. ஆனால் தலைவன் வண்டைச் சும்மா விடவில்லை. எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல் என்று கேட்கிறான். விடை வேண்டாதவனுக்கு அந்த நிபந்தனை எதற்கு? பக்கத்தில் நின்று கேட்கும் தலைவிக்குப் புகழ்ச்சி முகமனாகப் படாமல் சாட்சியமாகப் பட வேண்டும். அதற்காகவே மெய்வினாவின் உடுப்பை அணிந்து வருகிறது இது.

திருவிளையாடல் கதையில் நக்கீரர் சண்டைக்குப் போனதும் இந்தப் பாட்டுக்காகத்தான். கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டு என்று பாட்டு சாதிப்பதாகக் கொண்டு அவர் குற்றம் சொன்னார். வண்டு என்ன பதில் சொன்னது என்று அவர் கேட்கவே இல்லை.